சேது கால்வாய் லாபமா, நஷ்டமா? எல்லாரும் செலவைப் பார்த்தாங்க... தீர்ப்பை மாத்தினது வேற ஒரு எண்!

புதுக்கோட்டை மாவட்டத்தின் கட்டுமாவடி, கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய மீனவக் கிராமம். கரையில நின்னா எதிரே பாக் விரிகுடா. வடகிழக்கே போனா கோடியக்கரைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் நடுவுல இருக்கிற பாக் நீரிணை. அங்கேதான் சேது சமுத்திரத் திட்டத்துக்காக கடலின் அடிமண்ணைத் தோண்டினார்கள்.

2005 ஜூலை 2-ம் தேதி மதுரையில் அன்றைய பிரதமர் மன்மோகன் சிங் தொடங்கி வைத்த திட்டம் இது. 167 கிலோமீட்டர் நீளம், 12 மீட்டர் ஆழம், 300 மீட்டர் அகலத்தில் ஒரு கப்பல் பாதை. மதிப்பிட்ட செலவு 2,427 கோடி ரூபாய். 2007-ல் ராமர் பாலம் பகுதியில் தோண்ட உச்ச நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. 700 கோடி ரூபாய்க்கு மேல் செலவான நிலையில் வேலை நின்றுபோனது. 2023 ஜனவரியில், திட்டத்தை நிறைவேற்ற வேண்டும் என்று தமிழ்நாடு சட்டமன்றம் தீர்மானம் போட்டதும் பேச்சு மறுபடியும் சூடானது.

இந்த விவாதத்தில் பாலம் பற்றிப் பேசியவர்கள் அதிகம். செலவு கூடிப்போகும் என்று பேசியவர்களும் உண்டு. ஆனால் திட்டம் லாபமா நஷ்டமா என்பதை உண்மையில் முடிவு செய்யும் எண் இந்த ரெண்டிலுமே இல்லை. அது எந்த எண், அதை எப்படிக் கண்டுபிடிப்பது என்பதுதான் இந்தக் கட்டுரை. கண்டுபிடிக்கிற முறைக்குப் பேர் 'சென்சிட்டிவிட்டி அனாலிசிஸ்'. தமிழில் உணர்திறன் பகுப்பாய்வு.

அப்படின்னா என்ன?

பேர்தான் பெருசு. விஷயம், படகு வைத்திருக்கும் யாருக்கும் தெரிந்ததுதான்.

ஒரு சின்ன ஃபைபர் படகு ஒருநாள் கடலுக்குப் போய் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். டீசல் 2,000 ரூபாய். ஐஸ், சாப்பாடு, மற்ற செலவு 1,000 ரூபாய். 20 கிலோ மீன் கிடைத்து, கிலோ 250 ரூபாய்க்கு ஏலம் போனால் 5,000 ரூபாய் வரவு. கையில் நிற்பது 2,000.

இப்போ டீசல் விலை 10 சதவீதம் ஏறினால் லாபத்தில் 200 ரூபாய் குறையும். ஏல விலை 10 சதவீதம் இறங்கினால் 500 ரூபாய் குறையும். அப்போ டீசலைவிட ஏல விலைக்குத்தான் இந்தக் கணக்கு அதிகமாக ஆடுகிறது. ஒரு எண்ணை மட்டும் மாற்று, மற்றதை அப்படியே வை, கடைசி விடை எவ்வளவு நகர்கிறது என்று பார். முறை அவ்வளவுதான்.

ஆனா இதுல இன்னொரு பாதி இருக்கு. டீசல் விலை ஒரே நாளில் பாதியாகவோ இரட்டிப்பாகவோ ஆகாது. மீன் வரத்து ஆகும். 20 கிலோ எதிர்பார்த்துப் போன இடத்தில் 10 கிலோ கிடைப்பது சாதாரணம். அன்றைக்கு வரவு 2,500, செலவு 3,000, அதாவது 500 ரூபாய் நஷ்டம். ஆக, பார்க்க வேண்டியது இரண்டு: ஒரு எண் அசைந்தால் விடை எவ்வளவு அசையும்? அந்த எண் உண்மையில் எவ்வளவு தூரம் அசையக்கூடியது? திட்ட அறிக்கைகள் பெரும்பாலும் முதல் கேள்வியோடு நின்றுவிடுகின்றன. சேது கால்வாயில் வினை இருந்தது இரண்டாவது கேள்வியில்.

கால்வாய்க்கு ஒரு மாதிரிக் கணக்கு

கால்வாயின் வருமானம் எங்கிருந்து வருகிறது? இலங்கையைச் சுற்றிப் போகும் கப்பல் கால்வாய் வழியாக வந்தால் நேரம் மிச்சம். நேரம் மிச்சமானால் எரிபொருளும் கப்பல் வாடகையும் மிச்சம். அந்த மிச்சத்தில் ஒரு பங்கை கால்வாய்க் கட்டணமாக வாங்குகிறார்கள். இதுதான் முழு வியாபாரமும்.

கீழே வருவது சேது திட்டத்தின் நிஜ எண்கள் அல்ல. கணக்கு எப்படி ஓடுகிறது என்று காட்ட நாங்கள் எடுத்துக்கொண்ட சுலபமான எண்கள். கால்வாய் வெட்ட 1,000 கோடி ரூபாய். வருஷத்துக்கு 4,000 கப்பல்கள். ஒவ்வொன்றுக்கும் 20 மணி நேரம் மிச்சம். ஒரு மணி நேரத்தின் மதிப்பு 40,000 ரூபாய் என்றால், ஒரு பயணத்துக்கு 8 லட்சம் மிச்சம். அதில் பாதி, அதாவது 4 லட்சம், கட்டணம். வருஷ வரவு 160 கோடி. கால்வாயில் மண் சேரச் சேர அள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். அந்தப் பராமரிப்புக்கு வருஷம் 30 கோடி. மீதி 130 கோடி.

25 வருஷத்துக்கு இப்படி வந்தால் மொத்தம் 3,250 கோடி. ஆனால் அதை 1,000 கோடியோடு நேராக ஒப்பிடக் கூடாது. அடுத்த வருஷம் வரும் 110 ரூபாய், 10 சதவீத வட்டியில், இன்றைக்கு 100 ரூபாய்க்குத்தான் சமம். இருபது வருஷம் கழித்து வரும் பணம் இன்னும் சுருங்கும். அப்படிச் சுருக்கிக் கூட்டினால் 25 வருஷ வரவின் இன்றைய மதிப்பு சுமார் 1,180 கோடி. முதலீடு 1,000 கோடியைக் கழித்தால் 180 கோடி லாபம். திட்டம் பாஸ்.

ஒவ்வொரு எண்ணாக அசைத்தால்...

இப்போ ஒவ்வொன்றையும் 20 சதவீதம் பாதகமான பக்கம் தள்ளிப் பார்ப்போம்.

பராமரிப்புச் செலவு 20 சதவீதம் கூடினால், 180 கோடி லாபம் 126 கோடியாகிறது. பெரிய பாதிப்பு இல்லை. வட்டி 10-லிருந்து 12 சதவீதமானால் லாபம் 20 கோடிக்கு வந்துவிடும். வெட்டும் செலவு 1,200 கோடியானால் 20 கோடி நஷ்டம். கப்பல் எண்ணிக்கை 3,200 ஆகக் குறைந்தால் 110 கோடி நஷ்டம். மிச்சமாகும் நேரம் 20 மணியிலிருந்து 16 மணியானாலும் அதே 110 கோடி நஷ்டம்.

இதையே திருப்பியும் கேட்கலாம். லாபம் சரியாகப் பூஜ்யமாக, ஒவ்வொரு எண்ணும் எவ்வளவு கெட்டுப்போக வேண்டும்? பராமரிப்புச் செலவு 66 சதவீதம் ஏற வேண்டும். வெட்டும் செலவு 18 சதவீதம் ஏற வேண்டும். கப்பல்களோ நேரமோ 12 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேலே குறைந்தாலே போதும். அதாவது 20 மணி நேரம் என்பது பதினேழரை மணி நேரமானால் லாபம் காலி. எங்களைக் கேட்டால், செய்தி வாசிப்பவர்களுக்கு இந்த 'கவிழும் புள்ளி'தான் 20 சதவீதப் பட்டியலைவிட உதவும். 'பதினேழரை மணி நேரத்துக்குக் கீழே போகுமா, போகாதா?' என்று ஒரு மாலுமியிடமே நேரடியாகக் கேட்டுவிடலாம்.

இந்தப் பட்டியலில் கப்பல் எண்ணிக்கையும் நேரமும் சமமாக நிற்கின்றன. இங்கேயே நிறுத்தினால் ரெண்டும் சம முக்கியம் என்று தோன்றும். அது தப்பு.

20 மணி நேரம் எங்கிருந்து வந்தது?

சேது திட்டத்துக்காகச் சொல்லப்பட்ட பெரிய வாக்குறுதி, 424 கடல் மைல் தூரமும் 30 மணி நேரம் வரையும் மிச்சமாகும் என்பது. 'வரை' என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். அந்த அளவு மிச்சம் தூத்துக்குடியிலிருந்து கிளம்பும் கப்பலுக்குத்தான் பொருந்தும்.

ஏன்? வரைபடத்தை மனதில் விரித்துப் பாருங்கள். தூத்துக்குடியிலிருந்து சென்னைக்குப் போக வேண்டிய கப்பல், இன்றைக்கு முதலில் தெற்கே இறங்கி, இலங்கையின் தென்முனையைச் சுற்றி, மறுபடி வடக்கே ஏற வேண்டும். போகும் திசைக்கே எதிராக ஒரு நீண்ட சுற்று. அதற்குக் கால்வாய் பெரிய வரம்.

ஆனால் ஐரோப்பாவிலிருந்து சூயஸ் கால்வாய், ஏடன் வழியாகக் கொல்கத்தாவுக்கு வரும் கப்பலுக்கு இலங்கையின் தென்முனை ஏறக்குறைய வழியிலேயே இருக்கிறது. அது பெரிய சுற்றே சுற்றவில்லை. ஆப்பிரிக்காவின் தென்பகுதியிலிருந்தோ மொரீஷியஸிலிருந்தோ வரும் கப்பலுக்கு இன்னும் மோசம். தெற்கிலிருந்து வருகிற கப்பல் கால்வாய்க்குள் நுழைய மன்னார் வளைகுடாவுக்கு ஒதுங்க வேண்டும்.

அதோடு வேகக் கணக்கு வேறு இருக்கிறது. 167 கிலோமீட்டர் என்பது 90 கடல் மைல். திறந்த கடலில் 12 நாட் வேகத்தில் போகும் கப்பல் இதை ஏழரை மணி நேரத்தில் கடந்துவிடும். குறுகலான, ஆழம் குறைந்த கால்வாயில் அந்த வேகம் முடியாது. 8 நாட் என்று வைத்தால் பதினொன்றே கால் மணி நேரம் ஆகும். தூரத்தில் மிச்சமானதில் கிட்டத்தட்ட நாலு மணி நேரம் இங்கேயே கரைந்துவிடுகிறது. வழிகாட்ட பைலட் ஏறுவதற்கும் இறங்குவதற்கும் ஆகும் நேரம் தனி.

ஆக, 'மிச்சமாகும் நேரம்' என்று ஒரே ஒரு எண் கிடையாது. கப்பல் எங்கிருந்து வருகிறது என்பதைப் பொறுத்து அது பல எண்கள். அதில் மிகப் பெரியதை எடுத்து எல்லாக் கப்பலுக்கும் போட்டுவிட்டால், கணக்கு முதல் வரியிலேயே சாய்ந்துவிடும்.

2007-ல் கணக்கைப் பிரித்துப் பார்த்தவர்

இதைத்தான் ஜேக்கப் ஜான் என்ற ஆய்வாளர் செய்தார். திட்ட அறிக்கையின் எண்களையே எடுத்து, கப்பல்களைப் புறப்படும் இடம் வாரியாகப் பிரித்து, 2007-ல் 'எகனாமிக் அண்ட் பொலிட்டிகல் வீக்லி' இதழில் எழுதினார்.

அவர் கண்டது இதுதான். தூத்துக்குடியிலிருந்து போகும் கப்பலுக்கு 22 மணி நேரம் மிச்சம் என்றால், வெளிநாட்டிலிருந்து வரும் கப்பல்களுக்குச் சராசரியாக சுமார் 8 மணி நேரம்தான். திட்ட அறிக்கை எதிர்பார்த்த கப்பல்களில் மூன்றில் இரண்டு பங்கு இந்த இரண்டாவது ரகம். சொல்லப்பட்ட கட்டணத்தைக் கட்டிவிட்டுக் கால்வாய் வழியாக வந்தால், ஐரோப்பா, ஆப்பிரிக்காவிலிருந்து வரும் கப்பலுக்கு ஒரு பயணத்துக்குக் கிட்டத்தட்ட 5,000 டாலர் வரை நஷ்டம். அவர்களுக்கு நஷ்டம் வராத அளவுக்குக் கட்டணத்தைக் குறைத்தால், திட்டத்தின் வருமான விகிதம் 2.6 சதவீதத்துக்கு இறங்கிவிடுகிறது. கடன் வாங்கிக் கட்டும் திட்டத்துக்கு இது வட்டிக்கே காணாது.

நம்ம மாதிரிக் கணக்கில் போட்டுப் பார்த்தால், நேரம் ஏன் தனி ரகம் என்று புரியும். 4,000 கப்பலில் 2,600-க்கு 8 மணி நேரம்தான் மிச்சம் என்று வையுங்கள். அவற்றுக்குப் பயணத்துக்கு 3.2 லட்சம் மிச்சம். கட்டணமோ 4 லட்சம். எந்த கேப்டன் வருவார்? அந்த 2,600 கப்பலும் பழையபடி இலங்கையைச் சுற்றிப் போய்விடும். மீதி 1,400 கப்பலின் வரவு 56 கோடி. திட்டத்தின் லாபம் 180 கோடி என்பது 764 கோடி நஷ்டமாகிறது.

இங்கே நடந்ததைக் கவனியுங்கள். நேரம் என்ற எண் விழுந்தபோது, கப்பல் எண்ணிக்கை என்ற எண்ணையும் சேர்த்து இழுத்துக்கொண்டு விழுந்தது. 'ஒன்றை மட்டும் மாற்று, மற்றதை அப்படியே வை' என்ற முறையால் இதைப் பார்க்கவே முடியாது. 20 சதவீதச் சோதனையில் நேரம் குறைந்தும் 4,000 கப்பலும் வந்துகொண்டே இருந்தன. நிஜத்தில் கட்டணம் மிச்சத்தைத் தாண்டும் இடத்தில் ஒரு பள்ளம் இருக்கிறது. அதற்கு முன்னால் வரை எல்லாம் சரியாகத் தெரியும்.

சரி, அந்த 2,600 கப்பலுக்கு மட்டும் சலுகையாக 1.6 லட்சம் வாங்கினால்? எல்லாரும் வருவார்கள். அப்போதும் 386 கோடி நஷ்டம்.

இப்போது செலவுக்கு வருவோம். அந்த 2,600 கப்பலும் வராத நிலையில், கால்வாயைப் பாதி விலைக்கு, 500 கோடிக்கு வெட்டிக் கொடுத்தாலும் 264 கோடி நஷ்டம் நிற்கிறது. செலவு எவ்வளவு ஆகும் என்று பல வருஷம் சண்டை போட்டோமே, அந்த எண்ணால் இந்தத் திட்டத்தைக் காப்பாற்றியிருக்க முடியாது.

எதிர்ப்பக்கம் சொல்வதும் நியாயம்தானா?

ஒரு வாதம் நியாயமானது. எரிபொருள் விலை. கச்சா எண்ணெய் 2008 ஜூலையில் பீப்பாய் 147 டாலரைத் தொட்டது. விலை ஏறினால் மிச்சமாகும் ஒவ்வொரு மணி நேரத்தின் மதிப்பும் ஏறும். நம்ம மாதிரியில், சலுகைக் கட்டணத்தோடு, மணிக்கு 40,000 ரூபாய் என்பது சுமார் 57,000 ஆனால் திட்டம் தலை தப்பிவிடும். அது நடக்காத காரியம் இல்லை. ஆனால் 25 வருஷமும் அங்கேயே நிற்க வேண்டும். விலை ஏறினால் கப்பல்கள் எரிபொருளை மிச்சம் பிடிக்க வேகத்தைக் குறைத்து ஓட்டுவதும் வழக்கம். அப்போது கணக்கு மறுபடி மாறும்.

இன்னொன்று கப்பலின் அளவு. 12 மீட்டர் ஆழக் கால்வாயில், தண்ணீருக்குள் 10.7 மீட்டர் வரை அமிழும் கப்பல்கள்தான் போக முடியும். பெரிய கப்பல்களுக்கு இடமில்லை. உலகம் முழுக்க கப்பல்கள் பெரிதாகிக்கொண்டே போகும்போது, '25 வருஷத்தில் எண்ணிக்கை ஏறிக்கொண்டே இருக்கும்' என்ற அனுமானத்தை இந்த ஒரு அளவே தட்டிக்கேட்கிறது.

பாதையை மாற்றினால் சரியாகுமா என்று பார்க்க ஆர்.கே. பச்சௌரி தலைமையில் மத்திய அரசு ஒரு குழு போட்டது. மாற்றுப் பாதை பொருளாதார ரீதியாகவும் சுற்றுச்சூழல் ரீதியாகவும் சரிப்படாது என்பதே அந்தக் குழு சொன்ன முடிவு. பாதையை மாற்றினால் பாலப் பிரச்சினை தீரலாம். ஐரோப்பாவிலிருந்து வரும் கப்பலுக்கு 8 மணி நேரம் 20 மணி நேரமாகிவிடாது.

அறிக்கையில் எங்கே பார்ப்பது?

பெரிய திட்டம் எதுவாக இருந்தாலும், விரிவான திட்ட அறிக்கையின் கடைசிப் பக்கங்களில் சென்சிட்டிவிட்டி என்று ஒரு அட்டவணை இருக்கும். பெரும்பாலும் மூணே வரி: செலவு 10 சதவீதம் கூடினால், வருமானம் 10 சதவீதம் குறைந்தால், ரெண்டும் சேர்ந்து நடந்தால். மூன்றிலும் திட்டம் பாஸ் ஆகியிருக்கும்.

அந்த 'வருமானம்' என்ற ஒற்றை வரியைப் பிரிக்கச் சொல்லுங்கள். அதற்குள் எத்தனை பேர், தலைக்கு எவ்வளவு, அவர்களுக்கு என்ன மிச்சம் என்று தனித்தனி அனுமானங்கள் ஒளிந்திருக்கும். அடுத்து, எல்லாவற்றுக்கும் ஒரே 10 சதவீதம் ஏன் என்று கேளுங்கள். வட்டி 10 சதவீதம் மாறுவதும், இதுவரை இல்லாத ஒரு பாதையில் வரப்போகும் போக்குவரத்து 10 சதவீதம் மாறுவதும் ஒரே வகை நிச்சயமின்மை இல்லை. ஏற்கெனவே ஓடும் பஸ்ஸின் பயணிகளை எண்ணிவிடலாம். வெட்டாத கால்வாயின் கப்பல்களை எண்ண முடியாது, ஊகிக்கத்தான் முடியும். 'சராசரி' என்று ஒரு எண் வந்தால், அது யார் யாருடைய சராசரி என்று பார்ப்பது மூன்றாவது வேலை. சேது விஷயத்தில் ஓட்டை இருந்தது அங்கேதான்.

கட்டுமாவடிக்கு இந்தக் கணக்கில் இடம் எங்கே?

இந்த முறைக்கு ஒரு பெரிய எல்லை உண்டு. அட்டவணையில் இருக்கும் எண்ணைத்தான் அசைத்துப் பார்க்க முடியும். அட்டவணையிலேயே இல்லாததை அசைக்க வழியில்லை.

பாக் விரிகுடாவின் அடியில் கடற்புல் படுகைகள் இருக்கின்றன. ஊர்க்காரர்கள் ஆவுளியா என்று சொல்லும் கடற்பசு அதைத்தான் மேய்கிறது. மீன் குஞ்சும் இறாலும் வளர்வதும் அங்கே. கடலடியைத் தோண்டினால் கிளம்பும் கலங்கல் வெயிலை மறைக்கும். வெயில் இல்லாமல் கடற்புல் தழைக்காது. படகின் 20 கிலோ 10 கிலோ ஆவதற்கு இதுவும் ஒரு வழி.

2022 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு, தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடலில் அதிராம்பட்டினம் முதல் அம்மாபட்டினம் வரை 448 சதுர கிலோமீட்டரை நாட்டின் முதல் கடற்பசு பாதுகாப்பகமாக அறிவித்தது. கட்டுமாவடி அந்த ரெண்டு ஊருக்கும் நடுவில் இருக்கிறது. 2005-ல் போட்ட கணக்கில் இப்படி ஒரு வரி கிடையாது. திட்டத்தை மறுபடி எடுத்தால், புதிய அறிக்கையில் புறப்படும் துறைமுகம் வாரியாக மிச்சமாகும் மணி நேரத்தோடு, இந்தக் கடலில் பிடிபடும் மீனுக்கும் ஒரு எண் எழுத வேண்டியிருக்கும். அதுவும் எத்தனை கிலோவிலிருந்து எத்தனை கிலோ வரை குறையலாம் என்று ரெண்டு எண்ணாக.